முன்னால் வந்த வாசனை

பார்சலுக்கு முன்னால் வாசனை வந்துவிட்டது. கூரியர் பையனே கமகமவென்று நின்றான். 100 மில்லி சென்ட்டில் பாதிதான் பாக்கி. ஸ்பிரேயர் உடைந்திருந்தது. அது பாட்டில் கழுத்தில் அலுமினிய வளையத்தை நசுக்கிப் பொருத்துகிற சமாச்சாரம். வீட்டில் கழற்றி வேறு மாட்டமுடியாது.

மெயில் எழுதினேன். திட்டவில்லை. தலைப்பிலேயே ஆர்டர் எண். உள்ளே, வந்த தேதி. ஈரமான பெட்டி, முகவரிச் சீட்டு, பாட்டில் என்று போட்டோக்கள். புது பாட்டில் அல்லது முழுப்பணம், வேறெதுவும் வேண்டாம். கடைசியில் ஒரு வரி: 2020ம் வருஷத்து மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும்.

மறுநாளே பதில். 'பாட்டிலைத் திருப்பி அனுப்பவும்.' அடக்கடவுளே. ஒழுகுகிற ஆல்கஹாலை எந்தக் கூரியரில் வாங்குவார்கள்? அதையே கேட்டு எழுதினேன். மூன்றாம் நாள் முழுப்பணமும் வந்தது. பாட்டிலைப் பற்றிப் பேச்சே இல்லை.