42-ல ஜெயிச்ச மாடல்

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட்ல "எங்கள் மாடல் பேஸ்லைனை விட 2.2 புள்ளி அதிகம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? நாங்கள் எழுதினோம். இரண்டாவது ரிவ்யூல அதுக்குக் கைதட்டலும் கிடைச்சது. அந்த 2.2 எங்கே போச்சுன்னுதான் இப்போ சொல்லப் போறேன்.

புராஜெக்ட் இதுதான். யூடியூப்ல பட ட்ரெய்லருக்குக் கீழே நம்மாளுங்க தமிழும் இங்கிலீஷும் கலந்து போடுற கமெண்ட், பாராட்டா திட்டான்னு கண்டுபிடிக்கணும். இதற்குப் பாரதி ராஜா சக்கரவர்த்தியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2020-ல் வெளியிட்ட தரவுத்தொகுப்பு இருக்கிறது. மொத்தம் 15,744 கமெண்ட். ஐந்து வகை: பாராட்டு, எதிர்ப்பு, இரண்டும் கலந்தது, எதுவும் தெரியாதது, தமிழே இல்லாதது. எம்பெர்ட் மாடலை எடுத்து அப்படியே ட்ரெயின் பண்ணினது எங்க பேஸ்லைன். அதுக்கு மேல நாங்க சேர்த்தது மூணு விஷயம்: "semmmmma" என்பதை "semma" ஆக்குற சுத்திகரிப்பு, ஒரு அட்டென்ஷன் லேயர், கம்மியா இருக்கிற வகைகளுக்கு லாஸ்ல கூடுதல் வெயிட். பேஸ்லைன் 46.1, எங்களோடது 48.3. புராஜெக்ட் தலைப்பிலேயே "அட்டென்ஷன்" என்று போட்டுவிட்டோம்.

ஸ்டடி லீவுக்கு சங்கரன்கோவில் வந்தப்போ, ரிப்போர்ட்ல கிராஃப் போட மறுபடி ஒரு தடவை பேஸ்லைனை ஓட்ட வேண்டி வந்தது. புது நோட்புக்ல சீட் 42-ஐ செட் பண்ண மறந்துட்டேன். வந்தது 48.4. நாங்க பெருமையா காட்டின மாடலை விட 0.1 ஜாஸ்தி! எதையும் மாத்தல. டேட்டா அதே, கோடு அதே.

சீட் என்பது என்னன்னு எல்லாருக்கும் தெரியும்னு நினைப்போம். எல்லாரும் இதைக் காப்பி பேஸ்ட் பண்ணியிருப்போம்:

```python
random.seed(42)
np.random.seed(42)
torch.manual_seed(42)
```

ஆனால் அது எதையெல்லாம் முடிவு பண்ணுதுன்னு நான் யோசிச்சதே இல்லை. கடைசியில சேர்க்கிற கிளாசிஃபையர் லேயரோட ஆரம்ப எடைகள், கமெண்ட்கள் எந்த வரிசையில மாடலுக்குள்ள போகுது, டிராப்அவுட் எந்த நியூரான்களை அணைக்குது, மூணும் அதிலிருந்துதான் வருது. மூணும் மாறினா மாடல் வேற இடத்துல போய் நிக்கும்.

எங்க கேஸ்ல இந்த ஆட்டம் பெருசா இருந்ததுக்குத் தனிக் காரணம் உண்டு. 15,744-ல் 10,559 பாராட்டு. தமிழே இல்லாத கமெண்ட் வெறும் 497. டெஸ்ட்டுக்குப் பிரிச்ச 3,149-ல் அந்த வகை சுமார் 100-தான் வரும். நாங்க பார்த்த அளவுகோல் மேக்ரோ எஃப்1. அது ஐந்து வகைக்கும் தனித்தனியா மார்க் போட்டு நேரா சராசரி எடுக்கும். அதனால 100 பேர் இருக்கிற வகைக்கும் இரண்டாயிரம் பேர் இருக்கிற வகைக்கும் ஒரே மதிப்பு. அந்த நூறுல பத்து கமெண்ட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ஞ்சாலே மொத்த மார்க் ஒரு புள்ளிக்கு மேல ஆடிடும்.

எங்க பெரியப்பா இங்க பூ மார்க்கெட்டுக்கு மல்லி போடுறவர். சும்மா பேச்சுக்கு, "ரெண்டு கமிஷன் கடைல எது நல்ல கடைன்னு எப்படிப் பார்ப்பீங்க பெரியப்பா, ஒரு நாள் விலை போதுமா?"ன்னு கேட்டேன். "முகூர்த்த நாள்ல எந்தக் கடைல போட்டாலும் விலை நிக்கும்லா. அத வச்சு கடைய எப்படிலே எடை போடுவ? ஒரே நாள் ரெண்டு கடைலயும் போட்டுப் பாக்கணும், அதுவும் பல நாளு" என்றார்.

"ரெண்டு மாடலுக்கும் ஒரே சீட் 42-தானே, அப்போ ஒரே நாள் மாதிரிதானே"ன்னு என் புராஜெக்ட் பார்ட்னர் வாதாடினான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது தப்பு. அட்டென்ஷன் லேயரைச் சேர்த்ததும் அதோட ஆரம்ப எடைகளுக்காக ரேண்டம் எண்கள் செலவாகுது. அதுக்கப்புறம் வர்ற டிராப்அவுட், கமெண்ட் வரிசை எல்லாமே நகர்ந்துடும். நம்பர் ஒண்ணுதான், நாள் வேற. அப்போ மிச்சம் இருக்கிற ஒரே வழி பல நாள் பார்க்கிறதுதான்.

ஒரு தடவை ஓட்ட இலவச ஜிபியுல 12 நிமிஷம் ஆகும். ஐந்து சீட் ஓட்டினோம். பேஸ்லைன்: 46.1, 47.9, 45.2, 48.4, 46.9. சராசரி 46.9. எங்க மாடல்: 48.3, 46.8, 48.9, 47.0, 47.5. சராசரி 47.7. 2.2 இப்போ 0.8 ஆயிடுச்சு. அந்த 0.8-க்கே ஸ்டாண்டர்ட் எரர் 0.7. அதாவது உண்மையான வித்தியாசம் பூஜ்யமாகவும் இருக்கலாம், மைனஸாகவும் இருக்கலாம். 42-ல எங்க பேஸ்லைனுக்குக் கொஞ்சம் கெட்ட நாள், எங்க மாடலுக்குக் கொஞ்சம் நல்ல நாள். அவ்வளவுதான்.

இதுல நாங்க தனி ஆள் இல்லைங்கிறது கொஞ்சம் ஆறுதல். 2018-ல் பீட்டர் ஹெண்டர்சனும் மற்றவர்களும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்ல ஒரு சோதனை செய்து காட்டினார்கள். ஒரே அல்காரிதம், ஒரே செட்டிங், பத்து சீட். அதை ஐந்து ஐந்தாகப் பிரித்து சராசரி கிராஃப் போட்டால், இரண்டு வேறு அல்காரிதம் மாதிரி தெரிந்தது. ஐந்து சீடே சில இடத்துல பத்தாது.

சரி, மூணு விஷயம் சேர்த்தோமே, எதுவுமே வேலை செய்யலையா? இங்கதான் அப்லேஷன். முழு மாடல்ல இருந்து ஒவ்வொண்ணா கழட்டி, ஒவ்வொண்ணையும் ஐந்து சீட் ஓட்டினோம். அட்டென்ஷனைக் கழட்டினா 47.9. அதாவது மார்க் ஏறுது! சுத்திகரிப்பைக் கழட்டினா 47.5. லாஸ் வெயிட்டைக் கழட்டினா 46.6. பார்த்ததும் "வெயிட்தான் காரணம்"னு குதிச்சோம். அப்புறம்தான் உறைச்சது: 2.2-ஐ நம்பாத அதே காரணத்துக்காக இந்த 1.1-ஐயும் நம்பக் கூடாது. அப்லேஷன் டேபிள்ல இருக்கிற ஒவ்வொரு கட்டமும் அதே ஆட்டத்தோடதான் வருது. ஒரு சீட் ஓட்டிப் போட்ட அப்லேஷன் டேபிளைப் பார்த்தா இப்போ எனக்குச் சிரிப்பு வருது. போன செமஸ்டர்ல நாங்க போட்டதும் அதேதான்.

அதனால எல்லாத்தையும் விட்டுட்டு ஒரே கேள்வியை வச்சோம். வெறும் பேஸ்லைன், பேஸ்லைனோட லாஸ் வெயிட் மட்டும். இரண்டுக்கும் 20 சீட், மொத்தம் 40 ஓட்டம், எட்டு மணி நேரம். நடுவுல இரண்டு தடவை கரண்ட் போய், விட்ட இடத்துலேர்ந்து தொடங்கினோம். சராசரி 46.8, 48.0. வித்தியாசம் 1.2, ஸ்டாண்டர்ட் எரர் 0.4-க்குக் கொஞ்சம் கம்மி. இது நிக்குது. ஆனா ஒரே டெஸ்ட் செட்லதான் நிக்குது. அந்த நூறு கமெண்டும் மாறவே இல்லை. வேற படங்களோட கமெண்ட்ல என்ன ஆகும்னு இந்த 40 ஓட்டம் சொல்லாது.

கோபம் எங்கே வந்துச்சுன்னா, லாஸ் வெயிட் ஒரே ஒரு வரி. அதை முதல்லயே பேஸ்லைனுக்கும் போட்டிருக்கலாம். டிசம்பர்ல எழுதின பேஸ்லைன் ஃபைலை அப்படியே விட்டுட்டு, கண்ணுல பட்ட நல்லதையெல்லாம் எங்க மாடலுக்கு மட்டும் ஊட்டிட்டு இருந்தோம். அட்டென்ஷன் லேயருக்காக இரண்டு மாசம் போச்சு.

"இதை வெளியில சொன்னா மார்க் போயிடும்டா, 42-ஐயே வச்சுப்போம். பொய் இல்லையே, உண்மையா வந்த நம்பர்தானே"ன்னு பார்ட்னர் சொன்னான். அவன் சொன்னதுல பொய் இல்லைதான். ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேரும் பேசல. மறுநாள் அவனே போன் பண்ணி, "பேஸ்லைன் 48.4 வந்த நோட்புக் என்கிட்டயும் இருக்குடா, எக்ஸ்டர்னல் வேற சீட் போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னா என்ன பண்றது"ன்னான்.

தலைப்பை மாத்தக் கைடுகிட்ட மெயில் போட்டிருக்கோம். அட்டென்ஷன்கிற வார்த்தையை எடுத்தாச்சு. 2.2 இருந்த இடத்துல இப்போ 20 புள்ளி போட்ட ஒரு கிராஃப் இருக்கு. கடைசி ரிவ்யூ அடுத்த வாரம். அந்த மெயிலுக்கு இன்னும் பதில் வரல.