கடனாளி கடல் கடந்தால் கடிகாரம் நிற்கும்

மாட்டுப்பட்டியில் மாடு வளர்த்து வாழும் ஒருவர் 2019 ஜூன் தொடக்கத்தில் உறவினருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தார் எனக் கொள்வோம். 2020 ஜனவரி தொடக்கத்தில் உறவினர் துபாய்க்குச் சென்றார். 2024 ஜனவரி தொடக்கத்தில்தான் திரும்பினார். கடனுக்கு வழக்கிட மூன்றாண்டுகளே காலவரம்பு என்பதால், பணம் போயிற்று என்றே ஊர் சொல்லும்.

சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 15(5)ஆம் பிரிவு, பிரதிவாதி இந்தியாவிற்கு வெளியே இருந்த காலத்தைக் கணக்கிலிருந்து நீக்குகிறது. ஆகவே கழிந்தவை ஏழு மாதங்களே. ஊர் திரும்பிய நாளிலிருந்து இரண்டாண்டு ஐந்து மாதங்கள் எஞ்சியிருந்தன.

ஆனால் இச்சலுகை தானாக வந்து சேராது. எந்தக் காரணத்தால் காலவரம்பு தடையாகவில்லை என்பதை வழக்குரையிலேயே கூற வேண்டும். கடனாளி வெளிநாட்டில் இருந்ததை வாதியே மெய்ப்பிக்க வேண்டும்.

அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. அயல்நாட்டு முகவரிக்கே அழைப்பாணை அனுப்பி வழக்கை நடத்தலாம். தீர்ப்பாணை கிடைத்தால், முதலில் இங்குள்ள அவரது நிலத்தை ஜப்தி செய்யக் கோரலாம். இங்கு எதுவும் இல்லையெனில், 1999இல் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அங்குள்ள நீதிமன்றத்தை நாட வேண்டும். அழைப்பாணை முறையாகச் சேராமல் ஒருதலையாகப் பெற்ற தீர்ப்பாணை அங்கே நிற்பது அரிது. துபாய் முகவரி தெரிந்திருந்தும் பழைய வீட்டுக் கதவில் அழைப்பாணையை ஒட்டச் செய்பவர், வழக்கில் வென்றும் பணத்தை இழக்கக்கூடும்.