சுகமாகி வந்த பிள்ளையின் லீவு கடிதம்

பெற்றோர்களே, இந்த மழைக்காலத்தில் எங்கள் வகுப்புகளுக்கு லீவு கடிதங்கள் நிறைய வருகின்றன. தரம் 8 பிள்ளை ஒருவர் டெங்கு சுகமாகி வந்து தந்த கடிதம் இப்படித்தான் இருந்தது: "ஒரு கிழமையாக எனக்குச் சுகமில்லை. தயவுசெய்து லீவு தரவும்." கூடவே ஆஸ்பத்திரித் துண்டின் போட்டோ பிரதி ஒன்று.

இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, லீவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இனிக் கேட்க வேண்டியது வராத நாட்களை ஏற்றுக்கொள்ளுமாறுதான். இரண்டாவது, திகதி இல்லை. வரவு இடாப்பில் பிள்ளை ஜூன் 16 திங்கள் முதல் 20 வெள்ளி வரை ஐந்து நாட்கள் வரவில்லை. ஆஸ்பத்திரித் துண்டிலோ 17 முதல் 19 வரை மட்டும்தான் இருக்கிறது. மீதி இரண்டு நாட்களும் எங்கே என்று அதிபர் கேட்டால் வகுப்பாசிரியரான நாங்கள் என்ன சொல்வது?

வாப்பாவிடம் விசாரித்தோம். சனிக்கிழமையே காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. திங்கள் இரத்தம் பரிசோதித்து, செவ்வாய் வார்டில் சேர்த்திருக்கிறார்கள். வியாழன் துண்டு வெட்டும்போது, ஞாயிறு வரை ஓய்வு, இரண்டு கிழமைக்கு விளையாட்டு வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எல்லாம் நியாயமான காரணம்தான், ஆனால் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. பிள்ளையோடு இருந்து திரும்ப எழுத வைத்தோம்:

"கௌரவ அதிபர் அவர்களுக்கு,

பாடசாலைக்குச் சமுகமளிக்காமை தொடர்பாக

ஐயா, நான் தரம் 8 ஏ வகுப்பில் கற்கிறேன். டெங்குக் காய்ச்சல் காரணமாக ஜூன் 16 முதல் 20 வரை பாடசாலைக்கு வர முடியவில்லை. 16ஆம் திகதி வீட்டில் காய்ச்சலாக இருந்து இரத்தப் பரிசோதனை செய்தேன். 17 முதல் 19 வரை ஆஸ்பத்திரியில் இருந்தேன். 20ஆம் திகதி டொக்டரின் ஆலோசனைப்படி ஓய்வெடுத்தேன். இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் மருத்துவத் துண்டையும் இணைத்துள்ளேன். இந்த நாட்களை ஏற்றுக்கொள்ளுமாறும், 18ஆம் திகதி நடந்த கணிதக் கணிப்பீட்டை எழுதச் சந்தர்ப்பம் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கிழமைக்கு விளையாட்டைத் தவிர்க்குமாறு டொக்டர் கூறியுள்ளார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மாணவன்"

கீழே வாப்பாவின் கையொப்பமும் தொலைபேசி இலக்கமும் வைத்தோம்.

இந்தக் கடிதத்தால் நடந்ததைச் சொல்கிறோம். கணிதக் கணிப்பீட்டைத் திரும்ப எழுதினார். உடற்கல்வி சேர் அவரை மைதானத்தில் ஓட விடவில்லை. நோயின் பெயர் தெளிவாக இருந்ததால், வகுப்புக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிக் கிடந்த டயர்களையும் சிரட்டைகளையும் அன்றே அகற்றினோம்.

ஆஸ்பத்திரித் துண்டின் ஒரிஜினலை வீட்டில் வைத்துக்கொண்டு பிரதியைத் தாருங்கள். அடுத்த தடவை டொக்டரிடம் போகும்போது அது தேவைப்படும். துண்டில் இல்லாத நாட்களை மறைக்க வேண்டாம், ஏன் வரவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.