"பற்றி நோக்குவோம்" என்று எழுதி நாங்கள் தொலைத்த பந்தி

போன மழைக்காலத்தில் எங்கள் தரம் 10 பிள்ளைகள் எழுதி வீடு வீடாகக் கொடுத்த டெங்கு துண்டுப்பிரசுரம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு தடவை வந்தது. ஏன் இரண்டாவது தடவையும் வந்தது என்று சிலர் கேட்டீர்கள். முதலாவது பிழைத்துப் போனது. அதைத் திருத்திக் கையொப்பம் வைத்தவர்கள் தமிழ் படிப்பிக்கும் நாங்கள் இருவரும்தான் என்பதால் பதிலும் நாங்களே சொல்ல வேண்டும்.

முதல் பிரசுரம் கொடுத்து ஒரு வாரத்தில் பிள்ளைகளோடு சில வீடுகளுக்குப் போனோம். ஒரு ராத்தா எங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்ப் பெரலைக் காட்டினார். "நீங்க எழுதினபடி தண்ணிய எல்லாம் ஊத்திட்டம் சேர். இப்ப திரும்ப நிரப்பி இருக்கம்" என்றார். பெரலின் உட்பக்கத்தை உரஞ்சினீர்களா என்று கேட்டோம். "அப்படி ஒண்டும் அதில இல்லையே" என்றார். இருந்தது. இரண்டாம் பந்தியின் ஐந்தாவது வசனத்தில் இருந்தது. அவர் அதுவரை வாசிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை, ஏனென்றால் அந்தப் பந்தி இப்படித்தான் தொடங்கியது:

"டெங்கு நோய் இன்று வேகமாகப் பரவி வருவது யாவரும் அறிந்ததே. இப்பந்தியில் டெங்கு நுளம்பு பெருகும் விதம் பற்றி நோக்குவோம். நுளம்பு பெருகும் விதத்தை அறிந்திருத்தல் மிக அவசியமாகும். முதலில் அது முட்டையிடும் இடங்களைப் பற்றிப் பார்ப்போம். நீர் தேங்கும் பாத்திரங்களின் உட்சுவரில் அது முட்டையிடுவதால் அவற்றை உரஞ்சிக் கழுவ வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது."

நான்கு வசனம் கடந்த பிறகுதான் விஷயம் வருகிறது. அந்த நான்கிலும் ராத்தாவுக்குத் தெரியாத எதுவும் இல்லை. பந்தி நுளம்பைப் பற்றியது என்று அடுத்த வசனத்தை வாசித்தாலே தெரிந்துவிடும். அதற்கு முன்அறிவித்தல் தேவையில்லை. ஆனால் மூன்று வசனம் வெறுமையாகப் போனால் வாசிப்பவர் மீதியும் அப்படித்தான் என்று முடிவெடுத்து அடுத்த பந்திக்குத் தாவிவிடுகிறார். "தண்ணீரை ஊற்றுங்கள்" என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பேச்சு. எங்கள் பிரசுரத்தில் புதிதாக இருந்த ஒரே விஷயம் உட்சுவரை உரஞ்சுவதுதான். அதைத்தான் தொலைத்தோம்.

பிள்ளைகள் இதை எங்கிருந்து படித்தார்கள்? எங்களிடம்தான். முன்னுரையில் என்ன சொல்லப் போகிறாய் என்று சொல்ல வேண்டும், பந்தியைத் தொடங்கும்போது அறிவிக்க வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தோம். மேடைப் பேச்சுக்கு அது சரி. கேட்பவர் பேச்சைத் திருப்பிக் கேட்க முடியாது. மரண அறிவித்தலை ஒலிபெருக்கியில் சொல்பவர்கூட முதலில் "ஒரு மரண அறிவித்தல்" என்று சொல்லித்தான் காதைத் திருப்புகிறார். கடதாசியில் கண் விரும்பிய இடத்துக்குப் போகும். பேச்சின் பழக்கத்தை எழுத்துக்கு அப்படியே கொண்டு வந்தது எங்கள் பிழை.

வகுப்பில் பச்சைப் பேனையைக் கொடுத்து, "பற்றி" என்ற சொல்லோடு "-வோம்", "-ப்போம்" என்று முடியும் வசனங்களை எல்லாம் வட்டமிடச் சொன்னோம். பார்ப்போம், நோக்குவோம், ஆராய்வோம், அறிந்துகொள்வோம். ஒரு மகன் "வாரம் ஒரு முறை கழுவுவோம்" என்பதையும் வட்டமிட்டு விட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் வித்தியாசம் விளங்கியது: கழுவுவோம் என்பதில் செய்ய ஒரு வேலை இருக்கிறது, நோக்குவோம் என்பதில் இல்லை. ஐமிச்சமான வசனங்களுக்கு இன்னொரு சோதனையும் வைத்தோம். "டெங்கு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "நூலகம்" என்று போட்டுப் பாருங்கள். "நூலகத்தைப் பற்றி அறிந்திருத்தல் மிக அவசியமாகும்." நன்றாகப் பொருந்துகிறது. எதற்கும் பொருந்தும் வசனம் எதைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. உட்சுவரில் முட்டையிடுவதை நூலகத்துக்குப் பொருத்த முடியாது, அது இருக்கட்டும். இருபத்துநான்கு வசனத்தில் ஒன்பது போனது.

அடுத்த பிழை அங்கேதான் நடந்தது. வெட்டிய பிரதியை அப்படியே அச்சுக்குக் கொடுக்கப் பார்த்தோம். கொடுக்குமுன் அலுவலகத்தில் வேலை செய்யும் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தோம், அவருக்கு எங்கள் கூத்து எதுவும் தெரியாது. இரண்டாம் பந்தியில் நின்றுவிட்டார். அது "இதனைச் செய்ய முடியாத இடங்களில்..." என்று தொடங்கியது. "எதனை சேர்?" என்று கேட்டார். அந்த "இதனை" சுட்டியது நாங்கள் வெட்டிய ஒரு வசனத்தை. மூன்றாம் பந்தி இன்னும் மோசம். நுளம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த எழுத்து திடீரென்று "மூன்றாம் நாளுக்குப் பின்னர் கவனம் தேவை" என்றது. அவர் அதை, பெரலில் தண்ணீர் நிரப்பி மூன்றாம் நாள் என்று விளங்கிக்கொண்டார். நாங்கள் சொன்னது காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள்.

ஆக அந்த அறிவித்தல் வசனங்கள் முற்றிலும் சும்மா இருக்கவில்லை. வாசகரைக் கையில் பிடித்து ஒரு பந்தியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டு போகும் வேலையை அரைகுறையாகவேனும் செய்துகொண்டிருந்தன. வசனத்தை எடுத்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். விஷயத்தைச் சொல்லும் வசனத்தின் தலையிலேயே அதை ஏற்றிவிடலாம் என்று கண்டோம். தமிழுக்கு இது லேசான காரியம். வினை கடைசியில் வரும் மொழி என்பதால் வசனத்தின் முன்பக்கம் காலியாக இருக்கிறது. வாசகர் ஏற்கெனவே அறிந்த சொல்லை அங்கே வைத்துவிட்டு, புதியதைப் பின்னால் சொல்லலாம்.

இரண்டாவது பிரசுரத்தின் முதல் பந்தி இப்படி வந்தது:

"டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை ஊற்றினாலும் முட்டை போகாது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை பொரித்துப் பறக்கும் நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். ஆகவே பெரல், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றின் உட்சுவரையும் வாரம் ஒரு முறை தும்புத் தூரிகையால் உரஞ்சிக் கழுவுங்கள்."

முட்டை என்ற சொல் நான்கு வசனத்தில் திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். முன்பு பிள்ளைகள் ஒரே சொல் திரும்பி வந்தால் நாங்கள் சிவப்புப் பேனையால் கோடு போடுவோம். இங்கே அந்தச் சொல்தான் கயிறு. அதைப் பிடித்துக்கொண்டே வாசகர் கடைசி வசனத்துக்கு வந்து சேர்கிறார்.

இரண்டாம் பந்தி அந்தக் கயிற்றின் நுனியிலிருந்து தொடங்கியது: "உட்சுவரை உரஞ்ச முடியாத இடங்களும் உண்டு." பிறகு கூரைப் பீலி, பழைய டயர், வெட்டிய மூங்கில் கணு. பீலியில் இலை அடைத்தால் தண்ணீர் நிற்கும், அதைக் கூட்டி எடுக்க வேண்டும். டயரைத் துளைக்க வேண்டும் அல்லது கூரையின் கீழ் வைக்க வேண்டும். கணுவை மண்ணால் நிரப்ப வேண்டும். "அடுத்ததாக, கழுவ முடியாத இடங்கள் பற்றி நோக்குவோம்" என்பதைவிட இந்த வசனம் கூடுதலாக எதையும் அறிவிக்கவில்லை போலத் தோன்றும். ஆனால் முன்பந்தியின் வேலையை நினைவுபடுத்தி, அது போதாத இடம் உண்டு என்ற செய்தியையும் சொல்லிவிடுகிறது. அதற்குள் "இதனை" என்ற பெயரில்லாத சுட்டும் இல்லை.

மூன்றாம் பந்திதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. நுளம்பிலிருந்து நோயாளிக்குத் தாவ வேண்டும். இரண்டுக்கும் பொதுவான சொல் கிடையாது, முட்டையின் கயிறு இங்கே எட்டாது. ஒரு மகள்தான் தீர்த்து வைத்தார்: "இவ்வளவும் செய்தும் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அது தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள்." "இவ்வளவும் செய்தும்" என்பது பின்னால் பார்க்கிறது, "காய்ச்சல் வந்தால்" என்பது முன்னால் பார்க்கிறது, வசனத்தின் முடிவில் செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. அதன் பிறகு "மூன்றாம் நாள்" என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வியே எழாது. பந்தியின் மீதி: பரசிட்டமோல் தவிர இபுபுரூஃபன், அஸ்பிரின் போன்ற வலி மாத்திரை வேண்டாம், காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து கூடிய நேரம், அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, கை கால் குளிர்தல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்து வீட்டில் வைத்திருப்பவர்களுக்காகவே அந்த வசனம். முதல் பிரசுரத்தில் இதுவும் "நோயின் அறிகுறிகள் பற்றி ஆராய்வோம்" என்பதன் பின்னால்தான் ஒளிந்திருந்தது.

அச்சுக்குப் போகுமுன் மூன்று பந்திகளின் முதல் வசனங்களை மட்டும் ஒரு துண்டில் எழுதி, அதே தம்பியிடம் நீட்டினோம். முட்டை சுவரில் இருக்கும், உரஞ்ச முடியாத இடமும் உண்டு, அப்படியும் காய்ச்சல் வந்தால் நாளைக் குறி. பிரசுரம் என்ன சொல்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். பழைய பிரசுரத்தின் முதல் வசனங்களை அப்படி எடுத்தால் யாவரும் அறிந்ததே, நோக்குவோம், ஆராய்வோம் என்றுதான் வந்தது.

எல்லா அறிவித்தலையும் வெட்டச் சொல்லவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பன்னிரண்டு பக்க அறிக்கையின் தொடக்கத்தில் "செலவுக் கணக்கு 7ஆம் பக்கத்திலிருந்து, கட்டட வேலை மட்டும் பார்க்க விரும்புபவர்கள் 4ஆம் பக்கத்துக்குப் போகலாம்" என்று ஒரு வசனம் இருந்தது. அதைக் கண்டு பக்கத்தைப் புரட்டியவர்களை நாங்களே கூட்டத்தில் பார்த்தோம். வாசகர் அதைக் கொண்டு ஏதோ செய்தார். ஒரு பக்கத் துண்டில் புரட்ட எதுவும் இல்லை.

பரீட்சையில் புள்ளி குறையாதா என்று இரண்டு வாப்பாமார் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். முன்னுரை வேண்டாம் என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னுரையில் "ஆராய்வோம்" என்பதற்குப் பதிலாக ஆராய்ந்து கண்டதையே ஒரு வசனமாக எழுதச் சொல்கிறோம். இந்தத் தவணைக் கட்டுரைக் கொப்பிகளில் "பற்றி நோக்குவோம்" இன்னும் வருகிறது. பச்சை வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். வட்டம் கண்டால் பிள்ளை அடுத்த வசனத்தின் தலையை மாற்றி எழுதிக் கொண்டு வரும், ஆகவே வீட்டில் திட்ட வேண்டாம்.

அந்த ராத்தாவின் பெரலைப் போன வாரம் பார்த்தோம். உட்சுவரில் தும்புத் தூரிகையின் கீறல்கள் இருந்தன. பீலியில் மட்டும் இலை அடைத்திருந்தது. அது இரண்டாம் பந்தி, ஏணி இல்லை என்றார். சனிக்கிழமை இரண்டு மகன்மாரை ஏணியோடு அனுப்புகிறோம்.