குழுவினர் பாடும் அடி

பள்ளி ஆண்டு விழாவிற்கு வரவேற்புப் பாடல் எழுதும் பணியைத் தமிழாசிரியர் என்னிடம் ஒப்படைத்தபோது, நான் பத்தாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தேன். அவ்வாண்டின் சிறப்பு விருந்தினர் ஒரு மருத்துவர். ஆகவே, குழுவினர் திரும்பத் திரும்பப் பாடும் பல்லவியிலேயே அவரது தொழிலை அமைத்தேன்.

பிணிகள் நீக்கும் பெரியவரே
வருக வருக வருகவே

மூன்று மூன்று மாத்திரையாக நடக்கும் மும்மை நடை அது. இருபது மாணவர்கள் பத்து நாள்கள் பாடிப் பயின்றனர். விழாவிற்கு முந்தைய நாள் மாலையில், மருத்துவரால் வர இயலவில்லை என்றும் வேளாண் அறிஞரான அம்மையார் ஒருவர் வருகிறார் என்றும் செய்தி வந்தது. ‘பிணிகள் நீக்கும்’ என்பதை ‘உழவு காக்கும்’ என மாற்றினேன். மாத்திரை அளவு மாறாததால் இடர் நேராது என்றே எண்ணினேன்.

மேடையில் முன்வரிசை ‘உழவு’ என்று தொடங்கியது. பின்வரிசை ‘பிணிகள்’ என்றது. இரு சொற்களும் ஒரே அளவின ஆதலால் தாளம் தடுமாறவில்லை. அதனால் ஒருவரும் நிறுத்தவுமில்லை. நான்கு முறையும் இரண்டு பாடல்கள் ஒருங்கே ஒலித்தன. நான் திரைக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றேன். அம்மையாரோ, “பயிர்களுக்கும் பிணிகள் உண்டு, அவற்றை நீக்குவதும் என் பணியே” என்று கூறித் தம் உரையைத் தொடங்கினார்.

மறுநாள் ஆசிரியர் என்னை அழைத்தார். “தம்பி, பலர் கூடிப் பாடும் அடியில் மாறக்கூடிய எதனையும் வைக்காதே. பெயர், பதவி, தொழில் ஆகியவை தனிக்குரலுக்கு உரியவை. புதிய சொல்லை ஒருவர் ஓரிரவில் பழகிக்கொள்வார், இருபது நாக்குகள் பழகமாட்டா” என்றார்.

அடுத்த ஆண்டும் நானே எழுதினேன். குழுவினரின் இரண்டாம் அடியை முதலில் ‘மகிழும் எங்கள் பள்ளியும்’ என்று முடித்திருந்தேன். ஒத்திகையில் அம்மகரத்தில் சிலர் முன்னரும் சிலர் பின்னரும் உதடுகளை மூடினர். அடியின் இறுதி சிதறியது. நெடிலில் முடித்தபோது குரல்கள் ஒன்றாய் நீண்டு ஒன்றாய் நின்றன.

குழு: வருக வருக வருகவே
எங்கள் பள்ளி மகிழவே
தனிக்குரல்: நூல்கள் காக்கும் பெரியவரே
குழு: வருக வருக வருகவே

அவ்வாண்டும் இறுதி நேரத்தில் விருந்தினர் மாறினார்; நூலகர் ஒருவர் வந்தார். தனிக்குரல் பாடிய மாணவி மட்டும் கையில் ஒரு சிறு தாளுடன் மேடை ஏறினாள். அதில் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி.