x-ஐ விட்டு y-ஐப் பிடி

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்த காலத்தில் நான் ஆசையோடு நடத்திய பாடங்களில் ஒன்று, விகிதமுறு சார்பின் வீச்சகம் காண்பது. x எந்த மதிப்பை எடுத்தாலும் y எந்த எல்லைக்குள் நிற்கும் என்பதுதான் கேள்வி.

y = (x² − x + 1)/(x² + x + 1) என்பதை எடுத்துக்கொள்வோம். x-க்கு ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பதிலாக y-ஐ நமக்குத் தெரிந்த எண்ணைப் போல வைத்துக்கொண்டு, "இந்த y கிடைக்க ஏதாவது ஒரு x உண்டா?" என்று கேட்க வேண்டும். குறுக்கே பெருக்கினால்

(y−1)x² + (y+1)x + (y−1) = 0

என்று x-இல் ஓர் இருபடிச் சமன்பாடு வரும். மெய்யான x இருக்க வேண்டுமானால் தன்மைக்காட்டி குறையெண் ஆகக்கூடாது. (y+1)² − 4(y−1)² என்பதைக் காரணிப்படுத்தினால் (3−y)(3y−1). ஆகவே y, 1/3-க்கும் 3-க்கும் இடையில், இரண்டு முனைகளும் சேர்த்து. x = 1 போட்டால் 1/3, x = −1 போட்டால் 3. முனைகளைத் தொடுகிறது, சரி.

y = 1 ஆனால் x² உறுப்பே காணாமல் போய்விடும். அது இருபடியே இல்லை, அதற்குத் தன்மைக்காட்டியும் இல்லை. தனியாகப் பார்க்க வேண்டும். இங்கே 2x = 0, x = 0 கிடைப்பதால் 1-உம் வீச்சகத்தில் இருக்கிறது.

கல்லூரிக்குப் போகும் என் பேத்தி போன மாதம் ஒரு கணக்கோடு வந்தாள். y = (x² − 3x + 2)/(x² − 1). "தாத்தா, தன்மைக்காட்டி (2y+1)² வருது. வர்க்கம் எப்பவும் குறையாகாதே! அப்ப எல்லா மெய்யெண்ணும் வீச்சகம்தானே?"

"தன்மைக்காட்டி முழு வர்க்கமா வந்தா கொஞ்சம் சந்தேகப்படு, கண்ணு. மேலயும் கீழயும் ஒரே காரணி இருக்கலாம்" என்றேன்.

அவளே பிரித்துப் பார்த்தாள். மேலே (x−1)(x−2), கீழே (x−1)(x+1). குறுக்கே பெருக்கி வரும் (y−1)x² + 3x − (y+2) = 0 என்ற சமன்பாட்டில், y எதுவானாலும் x = 1 ஒரு மூலமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் x = 1-இல் பகுதி பூச்சியம். அது சார்பகத்திலேயே இல்லாத போலி மூலம். உண்மையான விடை தரவேண்டியது மற்ற மூலம்தான். y = −1/2 என்றால் இரண்டு மூலங்களுமே 1. y = 1 என்றால் 3x = 3, அங்கேயும் அதே 1. ஆக இந்த இரண்டு மதிப்புகளுக்கும் x கிடையாது. மற்ற எல்லா மெய்யெண்களும் வீச்சகத்தில் உண்டு.

(x−1)-ஐ அடித்துவிட்டு (x−2)/(x+1) என்று எழுதினாலும் இதே விடைதான் வரும், x = 1-ஐ விலக்கி வைக்க மறக்காமலிருந்தால். அந்த இடத்தில் கிடைத்திருக்கக்கூடிய மதிப்புதான் −1/2.