இடம் மாறிய கிணறு

மஸ்கட்டில் ரூவி பகுதியில் இருந்த அந்த இரண்டறை வீட்டின் சுவரில் மூன்று மாதமாக அந்தப் படம் தொங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். ஓட்டு வீடு, திண்ணை, இரண்டு தூண், அயனி மரத்தில் செய்த வாசற்கதவு. முற்றத்தில் சட்டையும் வேட்டியுமாக மூன்று ஆண்கள். இடது ஓரத்தில் ஒரு கிணறு, அதன் இரண்டு கல்தூண்கள், நடுவே கப்பி.

1996 ஏப்ரலில் ஈஸ்டர் விருந்துக்கு வந்த அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து படத்தின் முன் நின்றார். நெடுநேரம் பார்த்தார். "இது நம்ம வீடு இல்ல தம்பி" என்றார்.

பெரியப்பா மகனுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. சித்தப்பா மகனுக்கு முப்பத்தெட்டு. பெரியவர் மஸ்கட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். சின்னவர் வந்து ஆறு வருடம். இருவருக்கும் பூர்வீக வீடு ஒன்றுதான். பாறசாலைக்கு மேற்கே, நெய்யாற்றின்கரை தாலுகாவில், தென்னந்தோப்புக்கு நடுவே கிழக்கே பார்த்து இருந்தது. 1981இல் அதை இடித்துவிட்டார்கள்.

"அண்ணன் ஒன்பது வயசுல போனீங்க. எப்படித் தெரியும்?" என்றார் தம்பி.

"ஒன்பது வயசுக்காரனுக்குக் கிணறு எந்தப் பக்கம்னு தெரியாதா? வாசல்ல நின்னு பாத்தா கிணறு வடக்கே. அந்தக் கிணறு எங்க அப்பா வெட்டினது. வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து முதல் ரெண்டு வருஷத்துச் சம்பளம் அதுலதான் போச்சு."

தம்பியின் முகம் மாறிவிட்டது. "கிணறு தெற்கே. நான் தினமும் குளிச்ச கிணறு. அது எங்க அப்பா வெட்டினது."

அன்று பிரிந்தவர்கள் ஐந்து வாரம் பேசவில்லை.

பேச்சு நின்றதற்கு ஒரு கிணறு மட்டும் காரணமல்ல. 1956 நவம்பர் 1ஆம் தேதி திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளை இந்தப் பக்கம், பாறசாலை அந்தப் பக்கம். நடந்தே போய்விடக்கூடிய தூரம். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்க, அதைப் பராமரிப்பது கேரள அரசு என்பது ஊரறிந்த விஷயம். வீடு ஒரு பக்கமும் சாவி மறுபக்கமுமாகப் பிரிந்த குடும்பங்கள் எல்லையோரத்தில் நிறைய.

இந்தக் குடும்பமும் அப்படித்தான். தமிழ் வாத்தியாரான அண்ணன் விளவங்கோடு தாலுகாவின் தலைநகரான குழித்துறைக்குப் போனார். தம்பி பாறசாலையிலேயே இருந்தார். வீடும் தோப்பும் நடுவில் கோடு கிழித்துப் பங்கு வைக்கப்பட்டன. வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெற்குப் பாதி தம்பிக்கு. வடக்குப் பாதியை வாத்தியார் சீக்கிரமே வெளியாருக்கு விற்றார். அதிலிருந்து சகோதரர்களுக்குள் போக்குவரத்து நின்றது. பிள்ளைகள் ஒருவர் தமிழிலும் மற்றவர் மலையாளத்திலும் படித்து வளர்ந்தார்கள். ஆளுக்கொரு அப்பா, ஆளுக்கொரு கிணறு.

ஆகவே 'இது நம்ம வீடு இல்லை' என்று பெரியவர் சொன்னது, 'உன் அப்பா வைத்திருந்த படம் பொய்' என்று சின்னவர் காதில் விழுந்தது. 'கிணறு தெற்கே' என்று சின்னவர் சொன்னது, 'உன் அப்பா சொன்னது பொய்' என்று பெரியவர் காதில் விழுந்தது.

முதலில் அசைந்தவர் சின்னவர். ஒரு வெள்ளிக்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பாக்கெட் வந்தது. இடது மார்பு. படத்தை நிமிர்ந்து பார்த்தார். முற்றத்தில் நின்ற மூன்று பேருக்கும் பாக்கெட் வலது மார்பில் இருந்தது.

ஒரு தையற்காரர் தவறாகத் தைக்கலாம். மூன்று பேருக்கும் அப்படித் தைப்பாரா? படத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். வேட்டியின் மேல் தலைப்பும் எதிர்ப்பக்கம் செருகியிருந்தது. அந்த ஊரில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வலது இடுப்பில் செருகுவார்கள், முஸ்லிம்கள் இடது இடுப்பில் செருகுவார்கள். படத்தில் இருந்த மூவரும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனவர்கள்.

அந்தப் படம் அசல் அல்ல என்பது அவருக்குத் தெரியும். பழைய நெகடிவிலிருந்து பிறகு ஒரு ஸ்டூடியோவில் போட்ட பிரதி அது. நெகடிவுக்கு இரண்டு முகம். ஒன்று பளபளக்கும், மற்றது மங்கலாக இருக்கும். பெரிதாக்கும் கருவியில் வைக்கும்போது மங்கலான முகம் கீழே, காகிதத்தைப் பார்த்து இருக்க வேண்டும். புரட்டி வைத்துவிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும். தெளிவு குறையாது. ஆகவே பார்த்தவுடன் யாருக்கும் தெரியாது. படத்தில் கடைப் பலகையோ எழுத்தோ இருந்தால் காட்டிக்கொடுக்கும். வீட்டுப் படத்தில் எழுத்து ஏது? பாக்கெட்டும் வேட்டியும்தான் சாட்சி.

சின்னவர் படத்தைக் குளியலறைக்கு எடுத்துப்போய்க் கண்ணாடி முன் பிடித்தார். பாக்கெட் மூன்றும் இடது மார்புக்கு வந்தன. கிணறு வலது ஓரத்துக்குப் போனது. வீடு கிழக்கே பார்த்தது என்பதால் வலது ஓரம் என்றால் வடக்கு.

அந்தப் படத்தை வைத்து ஐந்து வாரமாக ஜெயித்துக்கொண்டிருந்தவர் அவர். யாரிடமும் சொல்லாமல் மறுபடி ஆணியில் மாட்டியிருக்கலாம். அன்று சாயங்காலமே அதைப் பையில் வைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார்.

பெரியவர் கண்ணாடியில் பார்த்தார். கிணறு வடக்கே வந்ததில் அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை. "நிழலப் பாத்தியா?" என்றார்.

முற்றத்தில் நின்றவர்களின் நிழல் குட்டையாகக் காலடியில் கிடந்தது. உச்சி வேளை. படத்தில் அது வலது பக்கம், அதாவது வடக்கே சாய்ந்திருந்தது. படத்தைத் திருப்பினால் நிழலும் திரும்பித் தெற்கே விழுகிறது. "உச்சியில நிழல் தெற்கே விழுமா? சூரியன் தெற்கேதானே நிக்கும்? இருவத்திரெண்டு வருஷமா பாக்கேன். படத்த நேரா வெச்சா கிணறு தப்பு, திருப்பினா நிழல் தப்பு. எப்படிப் பாத்தாலும் இது நம்ம வீடு இல்ல."

சின்னவருக்குப் பதில் தெரியவில்லை. படத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். அவருடைய அப்பாவின் கையெழுத்தில் 'எடவம் 10, 1130' என்று இருந்தது. கொல்லம் ஆண்டு 1130, எடவம் 10 என்றால் 1955 மே 24 அளவில். "பெரிய அத்தை கலியாணத்துக்கு மறுநாள்" என்றார் பெரியவர் தன்னை அறியாமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தற்செயலாக, மே 24. பெரியவர் பகல் பன்னிரண்டு மணிக்கு நான்கடித் துடைப்பக் கம்பு ஒன்றுடன் மொட்டை மாடிக்கு ஏறினார். கம்பை நிறுத்திப் பார்த்தார். நிழல் ஏறக்குறைய காலடியிலேயே இருந்தது. வடக்கே மூன்று விரற்கடை மட்டும் நீண்டிருந்தது.

அவர் ஸ்டோர் கீப்பர். அளவு பார்த்தே பழகியவர். இந்த நாளில் சூரியன் மஸ்கட்டின் தலைக்கு மேலே வந்து, தெற்கே கொஞ்சம்தான் மிச்சம் வைத்திருக்கிறது. ஊரோ மஸ்கட்டிலிருந்து எவ்வளவோ தெற்கே. அப்படியானால் ஊரில் இருப்பவனுக்குச் சூரியன் எந்தப் பக்கம்? கம்பைப் பிடித்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

கணக்கு எளிதானது. மஸ்கட் கடக ரேகைக்குச் சற்றே வடக்கே இருக்கிறது. சூரியன் அந்த ரேகையைத் தாண்டி வடக்கே வராது. ஆகவே மஸ்கட்டில் நண்பகல் நிழல் வருடம் முழுவதும் வடக்கேதான். பாறசாலை சுமார் எட்டேகால் டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் அந்த ஊர்த் தலைக்கு மேலே கடந்து வடக்கே போகும், ஆகஸ்டு கடைசியில்தான் திரும்பும். அந்த நாலரை மாதமும் அங்கே நண்பகல் நிழல் தெற்கேதான் விழும். பெரியவர் இருபத்திரண்டு வருடம் பார்த்தது உண்மை. ஆனால் அது மஸ்கட்டின் உண்மை.

சாயங்காலம் இருவரும் சேர்ந்து ஊருக்கு போன் செய்தார்கள். சின்னவரின் அம்மாவிடம் முன்பே சொல்லிவைத்திருந்தது. அவர் பன்னிரண்டே காலுக்கு மேல் முற்றத்தில் உலக்கையை நிறுத்திப் பார்த்திருந்தார்.

"நிழல் ஒரு அடி இருந்துது மக்களே. தெக்க பாத்துக் கெடந்துது. இதுக்கா போன் காசு?"

சின்னவர் தயங்கினார். பிறகு கேட்டார். "அம்மா, பழைய வீட்டுக் கிணறு எந்தப் பக்கம்?"

"எந்தக் கிணறு?"

"எத்தனை கிணறு இருந்தது?"

"ரெண்டு. வடக்க உள்ளது பெரியப்பா வெட்டுனது. நான் கலியாணம் கழிஞ்சு வந்தப்ப அதுலதான் தண்ணி கோரினேன். அந்தப் பாதிய வாங்குனவங்க அத மூடிட்டாங்க. பெறவு உங்க அப்பா தெக்க ஒண்ணு வெட்டினாரு. அப்ப நீ ரெண்டு வயசு."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"ஆரு கேட்டா?"

ரிசீவர் பெரியவர் கைக்குப் போனது. "சித்தி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுமுனையில் சித்தி, குழித்துறை வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டார். நாற்பது வருடத்துக்கு முன் பேசியவரின் குரலாகவே அது இருந்தது.

இரண்டு கிணறும் உண்மை. படமும் உண்மை. புரண்டு கிடந்தது நெகடிவ் ஒன்றுதான்.

சரியாகத் திருப்பி ஒரு பிரதி போடலாம் என்றார் சின்னவர். நெகடிவ் எங்கே போனதென்று தெரியவில்லை, படத்தையே படமெடுத்துத்தான் செய்ய வேண்டும். பெரியவர் வேண்டாம் என்றார். படத்தைச் சின்னவர் வீட்டில் பழைய ஆணியிலேயே மாட்டச் சொன்னார். எதிர்ச் சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தானே வாங்கிவந்து மாட்டினார்.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் அவர் அங்கே சாப்பிட வருவார். படத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியைப் பார்த்து உட்காருவார். எதிரில் தம்பி படத்தைப் பார்த்து உட்காருவார். ஒருவருக்குக் கிணறு வடக்கே, மற்றவருக்குத் தெற்கே.